வாங்குமுன் கேளுங்கள்: வானத்தில் ஏன் பட்டை?

107 கோடி நிறம் காட்டும் டிவி என்கிறார்கள். கண்ணுக்கு அத்தனையும் தெரியுமா? (ராணிப்பேட்டை)

தெரியாது.

‘10 பிட் பேனல்’ என்று ஒன்பதாயிரம் கூடுதலாகக் கொடுத்து 55 இஞ்ச் டிவி வாங்கினேன். சீரியலில் ராத்திரி வானம் வந்தால் பட்டை பட்டையாகத் தெரிகிறது. பேனல் கோளாறா? (ஆம்பூர்)

பேனலைத் திட்டாதீர்கள். உங்கள் கேபிளில் வரும் படமே 8 பிட். அதில் கருப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள்தான். 10 பிட்டில் 1024. பகல் காட்சியில் இந்த வித்தியாசத்தை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். வம்பு இருட்டில்தான். ராத்திரி வானம் முழுவதும் ஒரு முப்பது படிக்குள் அடங்கிவிடும். உங்கள் திரையின் அகலம் சுமார் 122 செ.மீ. அதில் முப்பது படிகள் பரவினால் ஒவ்வொன்றும் நாலு செ.மீ. பட்டை. அதே வானம் 10 பிட்டிலேயே எடுத்து 10 பிட்டிலேயே வந்தால் பட்டை ஒரு செ.மீ. ஆகும், பக்கத்துப் பட்டையோடு உள்ள வித்தியாசமும் காலாகக் குறையும். கண்ணுக்கு வழவழவென்று இருக்கும். ஷோரூமில் பென் டிரைவில் ஓட்டிக் காட்டுவது பெரும்பாலும் அந்த மாதிரி எச்டிஆர் படம். வீட்டில் ஓடுவது சீரியல்! சேனல்காரர்கள் படத்தைச் சுருக்கும்போது இருட்டில் உள்ள நுணுக்கத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். வெட்டியதை எந்தப் பேனலும் திரும்பக் கொண்டுவராது. கேபிள் மட்டும் ஓடுகிற என் வீட்டுக்கும் அட்டைப்பெட்டி வாசகத்தைப் பார்த்து அப்படி ஒன்று வந்து சேர்ந்தது. அந்தக் கடுப்பு இன்னும் இருக்கிறது.

சோதிக்க வழி உண்டு. ஓடிடியில் அதே மாதிரி ஒரு காட்சியை நிறுத்தி, டிவியிலும் போனிலும் பாருங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் பட்டை விழுந்தால் குறை படத்தில். டிவியில் மட்டும் விழுந்தால் ‘விவிட்’ மோடிலிருந்து ‘சினிமா’வுக்கு மாற்றுங்கள், டைனமிக் கான்ட்ராஸ்டை அணையுங்கள். அப்புறமும் போகவில்லையென்றால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடலாம்.

கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். மானிட்டர் அசல் 10 பிட்டா, 8 பிட் எஃப்ஆர்சியா? (காட்பாடி)

எஃப்ஆர்சி என்பது பக்கத்துப் பக்கத்து இரண்டு நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி, நடு நிறம் இருப்பதுபோல் கண்ணை ஏமாற்றுவது. நன்றாகவே ஏமாற்றும். நீங்கள் லேபுக்கு அனுப்பும் ஜேபெக் எப்படியும் 8 பிட்தான். மிச்சக் காசில் கலர் கேலிபரேட்டர் வாங்குங்கள்.

டிவி வாங்கி மூன்று மாதம். பில் தொலைந்துவிட்டது, மாடல் நம்பர் தெரியாது. 10 பிட்டா என்று சொல்ல முடியுமா? (ஆற்காடு)

டிவிக்குப் பின்னால் ஸ்டிக்கர் இருக்கும். எழுந்து போய்ப் பாருங்கள், ஐயா.

பில்லிலேயே ‘அசல் 10 பிட்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனி தளத்தில் வெறும் 8 பிட். கேட்டால் கடையில் சிரிக்கிறார்கள். (குடியாத்தம்)

சிரிக்கட்டும். எழுதிக் கொடுத்தது உங்கள் கையில் இருக்கிறது, அம்மா. கம்பெனி தளத்தின் அந்தப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடலாம். கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் செய்யுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஐந்து லட்சம் வரை உள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.