ஒரு அட்ரினலின், 10 லட்சம் குளுக்கோஸ்: நண்பனுக்குச் சரியான விடை வந்தது எப்படி?

கேள்வி: ஒரு அட்ரினலின் மூலக்கூறு கல்லீரல் செல்லின் ஏற்பியில் ஒட்டி 10 ஜி புரதங்களைத் தூண்டுகிறது. ஒவ்வொரு ஜி புரதமும் ஒரு அடினைலைல் சைக்ளேஸை 4 நொடி இயக்குகிறது. சைக்ளேஸ் நொடிக்கு 10 சைக்ளிக் ஏஎம்பி செய்கிறது, அதில் பாதியை பாஸ்போடைஎஸ்டரேஸ் அழித்துவிடுகிறது. புரோட்டீன் கைனேஸ் ஏ-யின் ஒவ்வொரு வினையூக்கி அலகும் 10 பாஸ்போரிலேஸ் கைனேஸை, அது ஒவ்வொன்றும் 10 பாஸ்போரிலேஸை, அது ஒவ்வொன்றும் 100 குளுக்கோஸ்-1-பாஸ்பேட்டைத் தருகிறது. மொத்தம் எத்தனை? எனக்கு 40 லட்சம் வருகிறது, புத்தகத்தில் 10 லட்சம். நண்பன் எங்கோ 4-ஆல் வகுத்து 10 லட்சம் கொண்டுவந்துவிட்டான். யார் செய்தது சரி?

பதில்:

இரண்டு பேருமே தவறு. உங்கள் நண்பனுடையது இன்னும் மோசமான தவறு, ஏனென்றால் விடை சரியாக வந்துவிட்டதால் அவர் இனி திரும்பிப் பார்க்கமாட்டார்.

நானும் முதுநிலைப் படிப்பில் இதே மாதிரி ஒரு கணக்கை, அம்புக்குறி கண்ட இடமெல்லாம் பெருக்கிப் போட்டு, அழகாக அடிக்கோடும் இட்டுக் கொடுத்துப் பூஜ்யம் வாங்கியவன். அதனால் எங்கே சறுக்கும் என்று தெரியும். பாடத்தில் வரைந்து காட்டும் படத்தில் ஒவ்வொரு படியிலும் புள்ளிகள் கூடிக்கொண்டே போகும், அதைப் பார்த்துப் பார்த்து எல்லாப் படியும் பெருக்கும் படி என்று மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் அப்படி இல்லை. ஒரு நொதி தன் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் இடத்தில் மட்டும்தான் எண்ணிக்கை பெருகும். ஒன்று இன்னொன்றோடு போய் ஒட்டிக்கொள்வதோடு வேலை முடிந்துவிடும் இடத்தில் பெருகாது, சில இடத்தில் குறையவும் செய்யும்.

இப்போது படி படியாகப் போவோம்.

அட்ரினலின் ஒட்டிய பீட்டா-2 ஏற்பி தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு, ஜி புரதத்தின் ஆல்பா அலகு பிடித்துவைத்திருக்கும் குவானோசின் டைபாஸ்பேட்டைக் கைவிட வைக்கிறது. காலியான இடத்தில் டிரைபாஸ்பேட் வந்து உட்காருகிறது. (இந்த இரண்டின் சுருக்கத்தையும் தமிழில் எழுதினால் ஒரே எழுத்துகள்தான் வரும், அதனால்தான் முழுப்பெயர்.) ஏற்பி இந்த வேலையில் தீர்ந்துபோவதில்லை. ஒரு ஜி புரதத்தை அனுப்பிவிட்டு அடுத்ததைப் பிடிக்கிறது. இது பெருக்கம், 1 இப்போது 10.

அடுத்தது ஜி புரதத்திலிருந்து சைக்ளேஸ். ஆல்பா அலகு சைக்ளேஸில் போய் ஒட்டிக்கொள்கிறது, ஒட்டியிருக்கும் வரைதான் சைக்ளேஸ் ஓடும். ஒன்றுக்கு ஒன்று. இங்கே பெருக்கம் கிடையாது, 10 என்பது 10-ஆகவே நிற்கிறது. சைக்ளேஸ் ஒரு நொதி, அடினோசின் டிரைபாஸ்பேட்டை எடுத்து எடுத்து சைக்ளிக் ஏஎம்பி செய்துகொண்டே இருக்கும். 4 நொடி, நொடிக்கு 10, ஆக ஒரு சைக்ளேஸுக்கு 40, பத்துக்கும் சேர்த்து 400. இதுவரை நீங்கள் சரி.

அடுத்த வரியில்தான் முதல் சறுக்கல். பாதி அழிந்துவிடும் என்று கேள்வியிலேயே இருக்கிறது, நீங்கள் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. மிச்சம் 200.

அப்புறம் புரோட்டீன் கைனேஸ் ஏ. இங்கேதான் கேள்வி போட்டவர் பொறி வைத்திருக்கிறார், ஏனென்றால் இந்தப் படிக்கு அவர் எண்ணே தரவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று விட்டுவிட்டார். சும்மா இருக்கும்போது இந்த நொதி நான்கு துண்டாக இருக்கும்: இரண்டு கட்டுப்படுத்தும் அலகு, இரண்டு வினையூக்கி அலகு. கட்டுப்படுத்தும் அலகு ஒவ்வொன்றிலும் சைக்ளிக் ஏஎம்பிக்கு இரண்டு இடம், மொத்தம் நான்கு. நான்கும் நிரம்பினால் வினையூக்கி அலகுகள் இரண்டும் கழன்று வேலைக்குப் போகும். சைக்ளிக் ஏஎம்பி இங்கே வினையூக்கி இல்லை, வெறும் சாவி. ஆகவே 200-ஐ 4-ஆல் வகுத்தால் 50 நொதிகள் திறக்கும், ஒவ்வொன்றிலிருந்தும் 2 வீதம் 100 வினையூக்கி அலகுகள். 200 சாவி போட்டு 100 ஆள் வெளியே வருகிறது, பெருகவேண்டிய இடத்தில் பாதியாகிவிட்டது.

இதற்கு மேல் எல்லாமே நொதி வேலை என்பதால் தைரியமாகப் பெருக்கலாம்.

```
1 × 10 = 10
10 × 1 × 4 × 10 = 400
400 ÷ 2 = 200
200 ÷ 4 × 2 = 100
100 × 10 = 1,000
1,000 × 10 = 10,000
10,000 × 100 = 10,00,000
```

இப்போது உங்கள் நண்பனின் கணக்கைப் பாருங்கள். அவர் நான்கு சைக்ளிக் ஏஎம்பி வேண்டும் என்பதை நினைவில் வைத்திருந்தார், 400-ஐ 4-ஆல் வகுத்தார், 100 வந்தது. அழிந்த பாதியை அவரும் விட்டுவிட்டார், அதனால் இரண்டு மடங்கு கூடியது. ஒரு நொதியிலிருந்து இரண்டு வினையூக்கி அலகு வரும் என்பதையும் விட்டுவிட்டார், அதனால் பாதி குறைந்தது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய் 100-இல் வந்து நின்றுவிட்டது. நீங்களோ அழிவையும் விட்டீர்கள், இந்தப் படியையே ஒன்றுக்கு ஒன்று என்று தாண்டியும் விட்டீர்கள், இரண்டும் ஒரே பக்கம் இழுத்ததால் 4 மடங்கு கூடிவிட்டது.

அவரிடம் வாதாட வேண்டாம், கேள்வியில் ஒரு எண்ணை மட்டும் மாற்றிக் கொடுங்கள். பாதிக்குப் பதில் முக்கால்வாசி அழிகிறது என்று வையுங்கள். சரியான வழியில் மிச்சம் 100, திறக்கும் நொதி 25, வினையூக்கி அலகு 50, கடைசி விடை 5 லட்சம். அவருக்கு மறுபடியும் 10 லட்சமே வரும். அழிவின் அளவை மாற்றியும் விடை அசையவில்லை என்றால் அழிவு அந்தக் கணக்கில் இல்லை என்றுதானே அர்த்தம்.

இதே கேள்விக்கு இரண்டாம் பாகமாக அடிக்கடி வருவது, ஜி புரதம் அணையாமல் போனால் என்ன ஆகும் என்பது. அந்த 4 நொடி எங்கிருந்து வருகிறது என்று யோசித்தீர்களா? ஆல்பா அலகே ஒரு மெதுவான நொதி, தான் பிடித்திருக்கும் டிரைபாஸ்பேட்டைத் தானே வெட்டி டைபாஸ்பேட் ஆக்கிக்கொண்டு அணைந்துவிடும். காலரா நச்சு அந்த ஆல்பா அலகின் ஒரு ஆர்ஜினின் மேல் அடினோசின் டைபாஸ்பேட்-ரைபோஸை ஒட்டவைத்து இந்த வெட்டும் வேலையைக் கெடுத்துவிடுகிறது. 4 நொடி 40 நொடி ஆனால் தாளில் விடை 10 மடங்கு, அதாவது 1 கோடி. தாளில் மட்டும்தான், ஏனென்றால் சைக்ளிக் ஏஎம்பி ஏற ஏற பாஸ்போடைஎஸ்டரேஸ் நொடிக்கு அழிக்கும் எண்ணிக்கையும் மாறும், அழிவு என்றைக்கும் சரிபாதியாக நிற்காது. இங்கே இன்னொரு துணைக்கேள்வி வரும்: இப்படிக் கெட்டுப்போன செல்லுக்கு ப்ரொப்ரனோலால் கொடுத்தால் சைக்ளிக் ஏஎம்பி குறையுமா? குறையாது. அந்த மருந்து அட்ரினலின் ஏற்பியில் ஒட்டுவதைத்தான் தடுக்கும், சிக்கியிருக்கும் ஆல்பா அலகு ஏற்பியின் பேச்சைக் கேட்கும் நிலையைத் தாண்டிவிட்டது. நச்சு உண்மையில் தாக்கும் இடம் குடல் செல், அங்கே இதே புரோட்டீன் கைனேஸ் ஏ குளோரைடு வாயிலைத் திறந்துவிட, பின்னாலேயே தண்ணீர் கொட்டுகிறது.

சாவி என்றேனே, அது எப்படித் தெரியவந்தது என்பதும் இந்தக் கணக்கோடு சேர்ந்ததுதான். 1950-களில் சதர்லாந்தும் ராலும் கல்லீரலை அரைத்து, சவ்வுத் துண்டுகளைச் சுழற்றிப் பிரித்து எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த தெளிந்த திரவத்தில் அட்ரினலின் போட்டால் பாஸ்போரிலேஸ் அசையவில்லை. சவ்வுத் துண்டுகளோடு அட்ரினலினைச் சேர்த்து வைத்து, பிறகு அதைச் சூடாக்கி, அந்தச் சாற்றைத் தெளிந்த திரவத்தில் ஊற்றினால் பாஸ்போரிலேஸ் விழித்துக்கொண்டது. புரதமாக இருந்தால் சூட்டில் கெட்டிருக்க வேண்டும். கெடாத அந்தச் சின்ன மூலக்கூறுதான் சைக்ளிக் ஏஎம்பி, 1971-இல் சதர்லாந்துக்கு நோபல் வாங்கித் தந்தது.

கடைசியாக ஒன்று, நேர்முகத் தேர்வில் கேட்டால் உதவும். "ஒரே ஒரு அட்ரினலின் 10 லட்சம் குளுக்கோஸ்" என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டை என்று வைத்தால் கல்லீரல் செல்லின் கொள்ளளவு சுமார் 4 பிகோலிட்டர். அதில் 1 நானோமோலார் என்றாலே ஏறக்குறைய 2,400 மூலக்கூறுகள் வேண்டும். நமக்குக் கிடைத்த 200 சைக்ளிக் ஏஎம்பி செல் முழுக்கப் பரவினால் 0.08 நானோமோலார். புரோட்டீன் கைனேஸ் ஏ நன்றாகத் திறக்க 100 நானோமோலார் வேண்டும் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் 2,40,000 மூலக்கூறுகள் ஆகிறது, அதாவது இதே மாதிரி 1,200 ஏற்பிகள் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். நான்கு சாவி கேட்கும் பூட்டு என்பதால் நிலைமை இன்னும் கறார்: 200 சாவியை 200 பூட்டுக்கு ஒவ்வொன்றாகப் பங்கிட்டால் ஒரு பூட்டும் திறக்காது. (சவ்வுக்குப் பக்கத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும் கைனேஸ்களும் உண்டு, அங்கே அடர்த்தி அதிகம் இருக்கும், அதனால் என் சராசரிக் கணக்கும் தோராயம்தான்.) ஆகவே விடைத்தாளில் 10 லட்சம் என்று எழுதுங்கள், கூடவே அது பல ஏற்பிகள் சேர்ந்து இயங்கும்போது ஒரு ஏற்பியின் பங்கு என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.