பால் கூடியது, கொழுப்பு குறைந்தது: எவ்வளவு மரபால், எவ்வளவு தீவனத்தால்?

கேள்வி: பத்து வருடமாக அதிகம் கறக்கிற பசுக்களின் கன்றுகளைத்தான் வளர்க்கிறேன். சினை ஊசியும் பால் அளவை மட்டும் பார்த்தே போடுகிறேன், இனத்தை மாற்றவில்லை. ஈற்றுக்குச் சராசரி 3000 கிலோவாக இருந்த பால் 3600 ஆகிவிட்டது. ஆனால் கொழுப்பு 4.2 சதவீதத்திலிருந்து 3.7க்கு இறங்கிவிட்டது. இது நான் செய்த தேர்வின் விளைவா? இன்னும் எவ்வளவு குறையும்?

பதில்: தேர்வுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் சின்னப் பங்குதான்.

பால் அளவையும் கொழுப்புச் சதவீதத்தையும் பாதிக்கும் மரபணுக்களில் சில இரண்டுக்கும் பொதுவானவை. டிஜிஏடி1 என்ற மரபணு இதற்கு நல்ல உதாரணம். அதன் ஒரு வடிவம் கொழுப்புச் சதவீதத்தை உயர்த்தும், பால் அளவைக் குறைக்கும். மற்றது நேர்மாறாகச் செய்யும். பாலை மட்டும் பார்த்துக் கன்று எடுத்தால், நமக்குத் தெரியாமலே இரண்டாவது வடிவத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறோம். இப்படி இரண்டு குணங்கள் மரபில் சேர்ந்து நகரும் அளவைத்தான் மரபியல் ஒட்டுறவு என்கிறார்கள். அது +1க்கும் −1க்கும் நடுவில் இருக்கும். பாலுக்கும் கொழுப்புச் சதவீதத்துக்கும் அது எதிர்க்குறியில் இருக்கும், கணக்குக்கு −0.4 என்று வைத்துக்கொள்வோம்.

பாலை மட்டும் தேர்ந்தால் கொழுப்பு எவ்வளவு மாறும் என்பதற்கான கணக்கு இது:

```
கொழுப்பில் மாற்றம் = r × (கொழுப்பின் மரபு விலக்கம் ÷ பாலின் மரபு விலக்கம்) × பாலில் மரபுவழிக் கூடுதல்
```

இங்கே r என்பது மரபியல் ஒட்டுறவு. மரபு விலக்கம் என்பது, மாட்டுக்கு மாடு இருக்கும் வித்தியாசத்தில் மரபால் மட்டும் வருகிற திட்ட விலக்கம். பாலுக்கு அது 300 கிலோ, கொழுப்புக்கு 0.21 சதவீதம் என்று கொண்டால், 0.4 × 0.21 ÷ 300 = 0.00028. அதாவது, மரபால் கூடும் ஒவ்வொரு 100 கிலோ பாலுக்கும் கொழுப்பு 0.028 சதவீதம் இறங்கும்.

இப்போது உங்கள் மந்தைக்கு வருவோம். கூடிய 600 கிலோவும் மரபால்தான் வந்தது என்று தாராளமாகவே வைத்தாலும், இறக்கம் 6 × 0.028, கிட்டத்தட்ட 0.17. உங்களுக்கு இறங்கியிருப்பதோ 0.5. நான் எடுத்த எண்கள் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் மீதியைத் தேர்வின் தலையில் கட்ட முடியாது. உண்மையில் அந்த 600 கிலோவில் ஒரு பகுதி நல்ல தீவனத்தாலும் பராமரிப்பாலும் வந்திருக்கும், எனவே தேர்வின் பங்கு இன்னும் குறைவாகவே இருக்கும்.

அப்புறம், மொத்தக் கொழுப்பைப் பாருங்கள். முன்பு 3000 கிலோவில் 4.2 சதவீதம், அதாவது 126 கிலோ. தேர்வு மட்டும் வேலை செய்திருந்தால் 3600 கிலோவில் 4.03 சதவீதம், சுமார் 145 கிலோ கிடைத்திருக்கும். இப்போது கிடைப்பது 133. இந்த 12 கிலோதான் தேட வேண்டிய நஷ்டம்.

என் சந்தேகம் தீவனத்தின் மேல்தான். பால் கூடக் கூட அடர்தீவனத்தை ஏற்றி, நார்த்தீவனத்தைக் குறைத்திருப்பீர்கள். அடையாளம் கண்டுபிடிப்பது எளிது: தீவனத்தால் இறங்கிய கொழுப்பு, நார்த்தீவனத்தைக் கூட்டினால் சில வாரத்தில் ஏறத் தொடங்கும். மரபால் இறங்கியது அப்படி ஏறாது, தலைமுறை மாறித்தான் ஏறும். சோதிக்கும்போது ஒரே கட்டத்தில் உள்ள மாடுகளை ஒப்பிடுங்கள். கன்று ஈன்று இரண்டு மாதம் ஆன மாட்டையும் கறவை வற்றப்போகும் மாட்டையும் ஒப்பிட்டால் கணக்கு குழம்பும். காலைப் பாலையும் மாலைப் பாலையும் கலந்து மாதிரி எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் தொழுவத்துப் பத்து மாட்டின் பாலையும் கொழுப்பையும் வைத்து ஒட்டுறவு கண்டுபிடிக்க முயலாதீர்கள். அதில் தீவனமும் ஈற்று எண்ணும் கலந்திருக்கும். மரபு ஒட்டுறவைப் பிரிக்க, உறவுள்ள ஆயிரக்கணக்கான மாடுகளின் பதிவு வேண்டும். அப்படிக் கிடைத்த எண்ணும் நிரந்தரமில்லை. பல தலைமுறை தேர்வு நடந்தால் மாறும்.

இனி என்ன செய்யலாம்? −0.4ஐ வர்க்கம் செய்தால் 0.16. அதாவது கொழுப்பின் மரபு வித்தியாசத்தில் 16 சதவீதம்தான் பாலோடு கட்டுப்பட்டது. மீதி 84 சதவீதம் கட்டவிழ்ந்தே கிடக்கிறது. அதனால் பாலும் கொழுப்பும் இரண்டும் நன்றாக உள்ள காளைகள் கிடைக்கும், ஆனால் தேட வேண்டும். அடுத்த சினை ஊசிக்கு முன், காளையின் மதிப்பீட்டில் பால் கிலோ வரியோடு நின்றுவிடாமல் கொழுப்புக் கிலோ, கொழுப்புச் சதவீதம் இரண்டையும் கேளுங்கள். சினைப்பிடிப்பு வரி இருந்தால் அதையும் விடாதீர்கள். பாலை மட்டும் தேர்ந்தால் அதுவும் மெல்லக் கெடும். ஆனால் அதில் மாட்டுக்கு மாடு தெரியும் வித்தியாசத்தில் மரபின் பங்கு மிகக் குறைவு, அதனால் தொழுவத்தில் பார்த்து உடனே தெரியாது.