காலாவதி நெருங்கிய சரக்கைக் கடைக்குக் குறைந்த விலையில் கொடுப்பது: கேள்வி பதில்

மொத்த விற்பனையாளர் ஒருவர்: கிடங்கில் 120 பெட்டி சரக்கு இருக்கிறது, பெட்டிக்கு 24 பாக்கெட். மொத்த ஆயுள் 180 நாள், மீதம் 45 நாள்தான். பாதி விலைக்கு ஒரே கடைக்கு மொத்தமாகக் கொடுத்துவிடலாமா?

விலையைப் பிறகு பார்ப்போம். அந்தக் கடை எத்தனை பாக்கெட் விற்று முடிக்கும் என்பதை முதலில் கணக்கிடுங்கள். 45 நாள் என்பது உங்கள் கிடங்கின் கணக்கு, கடைக்காரருக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. சரக்கு போய்ச் சேர்ந்து, சரிபார்த்து, அலமாரிக்கு ஏற 3 நாள் ஆகிவிடும். வாங்கிப் போகிறவர் வீட்டில் வைத்துப் பயன்படுத்தக் குறைந்தது 7 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று வைத்தால், விற்பனைக்கு உண்மையில் கிடைப்பது 35 நாள்தான்.

அந்தக் கடையில் வழக்கமான விலைக்கு ஒரு நாளில் 20 பாக்கெட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விலையைக் குறைத்தால் 30 போகலாம். 60 போகும் என்று நம்ப வேண்டாம், ஏனென்றால் தினமும் பயன்படுகிற பொருளை மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக யாரும் இரண்டு மடங்கு பயன்படுத்துவதில்லை. 35 நாளுக்கு 30 வீதம் 1,050 பாக்கெட், அதாவது 43 பெட்டியும் கொஞ்சமும். நானாக இருந்தால் அந்தக் கடைக்கு 40 பெட்டிக்கு மேல் கொடுக்கமாட்டேன். மீதி 80 பெட்டியை, அதே அளவு விற்கிற வேறு கடைகளுக்கு அன்றைக்கே பிரித்துவிடுவேன். முழு 120 பெட்டியையும் ஒரே இடத்தில் இறக்கினால் பில் போட்ட அன்று கிடங்கு காலியாகும், ஐந்து வாரம் கழித்துச் சச்சரவாகத் திரும்பி வரும். யோசித்துச் சொல்கிறேன் என்று நீங்கள் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கடையிலும் விற்கக்கூடிய 30 பாக்கெட்டை, அதாவது ஒரு பெட்டிக்கு மேல், இழக்கிறீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி: என்னிடம் வருகிற சப்ளையர், ரிட்டர்ன் கிடையாது என்று சொல்லித்தான் தருகிறார். அப்படியானால் எனக்கு என்ன விலைக்குக் கொடுத்தால் நியாயம்?

அம்மா, வாடிக்கையாளர் தரும் வழக்கமான விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 80-க்கு வாங்குகிறீர்கள், 20 உங்கள் லாபம். இப்போது 70-க்கு விற்கப் போகிறீர்கள் என்றால், அதே 20 நிற்க 50-க்கு வாங்கினால் போதும் என்று தோன்றும். சப்ளையரும் அந்த 50-ஐத்தான் சொல்வார். ஆனால் அந்தக் கணக்கு எல்லாப் பாக்கெட்டும் விற்றால் மட்டுமே சரி.

பத்தில் ஒன்று விற்காமல் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். பத்துப் பாக்கெட்டை 500-க்கு வாங்குகிறீர்கள், ஒன்பதை 70 வீதம் விற்று 630 பெறுகிறீர்கள். பாக்கெட்டுக்கு 13-தான் மிஞ்சுகிறது. பழைய 20 கிடைக்க வேண்டுமானால் நீங்கள் 43-க்கு வாங்க வேண்டும். 50-க்கும் 43-க்கும் இடையிலுள்ள அந்த 7, ரிட்டர்ன் இல்லை என்ற நிபந்தனையை நீங்கள் ஏற்றுக்கொள்வதற்கான விலை. அதை வெளிப்படையாகக் கேளுங்கள், அதில் தயங்க ஒன்றுமில்லை.

சப்ளையர் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. 50-க்குக் கொடுத்து, மிஞ்சிய பத்தில் ஒன்றை அதே விலைக்குத் திரும்ப எடுத்தால் அவர் கையில் பாக்கெட்டுக்குச் சராசரியாக 45 நிற்கும். 43-க்கு முழுசாகக் கொடுப்பதைவிட அது 2 கூடுதல் போலத் தெரியும். ஆனால் திரும்பி வந்த ஒவ்வொரு பாக்கெட்டையும் ஏற்றிவந்து, எண்ணி, அழிக்க 20-க்கு மேல் செலவானால் அந்த 2-ம் போய்விடும். தொலைவிலுள்ள கடைகளுக்கு 43-தான் அவருக்கும் லாபம். இன்னொன்றும் உண்டு: திரும்பக் கொடுக்கலாம் என்று தெரிந்த சரக்கு பெரும்பாலும் அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடும், சொந்தப் பணம் மாட்டிக்கொண்ட சரக்கு கண்ணுக்கு நேராக நிற்கும். இதை நான் பல கடைகளில் பார்த்திருக்கிறேன்.

அனுபவமுள்ள ஒரு விநியோகஸ்தர்: இவ்வளவு கணக்கு எதற்கு? ‘விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் ஒரு வரி அடித்துவிட்டால் முடிந்தது. நான் 15 வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

விற்காமல் மிஞ்சிய சரக்கைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி, அந்த வரி பில்லில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் கசிந்த பாக்கெட், உடைந்த முத்திரை, வெளிப்பெட்டியில் ஒரு தேதியும் உள்ளே பாக்கெட்டில் வேறு தேதியும் இருப்பது, தயாரிப்பாளரே அந்த பேட்சைத் திரும்ப அழைப்பது ஆகியவை விற்காமல் போனதோடு சேர்ந்தவை அல்ல. விலை குறைந்ததற்குக் காரணம் மீதமுள்ள நாள் குறைவு என்பது மட்டுமே, தரம் குறைவு என்பதல்ல. ஆகவே இந்த நான்கையும் விதிவிலக்காக எழுதி, சரக்கு கிடைத்த எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் குறிப்பிடுங்கள். உடைசலுக்கு 48 மணி நேரம் போதும். திரும்ப அழைப்புக்குக் கெடு வைக்கக் கூடாது.

உங்கள் வரி காப்பாற்றாத இன்னொரு இடம் இருக்கிறது, அதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கடைக்கு இதே போலக் குறைந்த விலையில் சரக்கு கொடுத்தேன். பில்லில் பொருளின் பெயரும் எண்ணிக்கையும் இருந்தன, பேட்ச் எண் இல்லை. வழக்கமான சரக்குக்குக் காலாவதி ரிட்டர்ன் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அந்தக் கடையோடு ஏற்கெனவே இருந்தது. இரண்டு மாதம் கழித்து வந்த ரிட்டர்னில் 11 பெட்டி இருந்தது. அதில் எது முழு விலைக்குப் போனது, எது பாதி விலைக்குப் போனது என்று பிரிக்க என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. பாதி விலைக்குக் கொடுத்ததற்கு முழு விலையில் கிரெடிட் நோட் போட்டேன். அந்தக் கடைக்காரர் ஏமாற்றினார் என்று இன்றும் சொல்லமாட்டேன், அவருடைய கிடங்கிலும் இரண்டும் ஒன்றாகத்தான் அடுக்கப்பட்டிருந்தன.

அன்றிலிருந்து தள்ளுபடிச் சரக்குக்குத் தனி பில், அதில் பேட்ச் எண், காலாவதித் தேதி, ஒவ்வொரு வெளிப்பெட்டியிலும் மை முத்திரை என்று வைத்திருக்கிறேன். அதே பேட்ச் ஏற்கெனவே முழு விலையில் அந்தக் கடைக்குப் போயிருந்தால், தள்ளுபடிச் சரக்கை இறக்குவதற்கு முன் அங்கே எத்தனை பாக்கெட் மிச்சம் இருக்கிறது என்று இருவரும் எண்ணிக் கையெழுத்திட வேண்டும். பேட்ச் எண் ஒன்றாக இருக்கும்போது அந்த எண்ணிக்கை ஒன்றுதான் ஆதாரம்.

வாசகர் ஒருவர்: நேற்றுக் கடையில் வாங்கிய பொருளில் தேதி முடிந்திருந்தது. ‘சலுகைச் சரக்கு, ரிட்டர்ன் இல்லை’ என்கிறார்கள். என்ன செய்வது?

நாங்கள் பேசிக்கொண்டிருப்பது சப்ளையருக்கும் கடைக்கும் இடையிலான நிபந்தனை, அது உங்களைக் கட்டுப்படுத்தாது. தேதி நெருங்கிய சரக்கைத் தெரிவித்து விற்பது வேறு, தேதி முடிந்ததை விற்பது வேறு. பில்லையும் பாக்கெட்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு முதலில் கடை மேலாளரிடம் கேளுங்கள். மறுத்தால் உங்கள் பகுதி நுகர்வோர் அதிகாரியிடம் செல்லலாம்.

விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்: ஐயா, கடைக்காரருக்கு அனுப்ப ஒரு சலுகைக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எதை எழுத வேண்டும், எதை விடலாம்?

‘சிறப்புச் சலுகை’ என்று தொடங்காதீர்கள். கடைக்காரர் படிக்கிற முதல் வாக்கியத்திலேயே காலாவதித் தேதி இருக்க வேண்டும். தேதி மூன்றாவது பத்தியில் ஒளிந்திருந்தால் மீதிக் கடிதத்தையும் அவர் சந்தேகத்தோடுதான் படிப்பார். முதலில் கொடுத்த கணக்கையே எடுத்துக்கொண்டால், நான் இப்படி எழுதுவேன்:

“கீழே குறித்த பேட்சைச் சேர்ந்த 40 பெட்டி (960 பாக்கெட்) சரக்குக்கு இன்றிலிருந்து 45 நாளில் காலாவதி ஆகிறது. அதனால் மட்டுமே பாக்கெட்டுக்கு 80-க்குப் பதில் 43 என்ற விலையில் தருகிறோம். காலாவதிக்கு 7 நாள் முன்பு விற்பனையை நிறுத்தி, மிஞ்சியதைத் தாங்களே அழித்து, எண்ணிக்கையை எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். விற்காமல் மிஞ்சியதற்குத் திரும்பப் பெறுதலோ கிரெடிட்டோ இல்லை. உடைசல், தேதி முரண்பாடு ஆகியவற்றை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் முழுத் தொகையும் கிரெடிட் செய்யப்படும். தயாரிப்பாளர் இந்த பேட்சைத் திரும்ப அழைத்தால், எப்போது ஆனாலும், கையிலுள்ள சரக்குக்கு முழுக் கிரெடிட் உண்டு. இந்தச் சரக்கைத் தங்கள் கடையில் நேரடியாக மட்டுமே விற்க வேண்டும், வேறு வியாபாரிக்கு விற்கக் கூடாது. அச்சிட்ட தேதியை மறைக்கவோ அதன்மேல் ஒட்டவோ கூடாது. இந்தச் சலுகை மூன்று நாளுக்கு மட்டும் செல்லும்.”

மூன்று நாள் கெடு அவசரப்படுத்துவதற்காக அல்ல. ஒரு வாரம் கழித்துச் சம்மதம் வந்தால் 40 பெட்டி என்ற கணக்கே தவறாகிவிடும், அப்போது அளவைக் குறைத்துப் புதிய கடிதம்தான் கொடுக்க வேண்டும். வேறு வியாபாரிக்கு விற்கக் கூடாது என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் அதே சரக்கு உங்கள் இன்னொரு கடைக்கு இரண்டாம் கை வழியாகப் போய், அங்கே வழக்கமான விலையைக் கெடுக்கும். கடைக்காரர் கையெழுத்திட்ட நகல் வருவதற்கு முன் வண்டியை அனுப்பாதீர்கள்.

குளிர்பதனச் சரக்கு விற்பவர்: என் சரக்குக்கு மொத்தமே 14 நாள்தான், 5 நாள் மீதம் இருக்கும்போது இதே முறை சரியாகுமா?

சரியாகாது. பாக்கெட்டில் இருப்பது தரம் குறையத் தொடங்கும் தேதியா, அதற்குமேல் பயன்படுத்தவே கூடாத தேதியா என்று முதலில் பாருங்கள். பின்னதானால் பேரத்துக்கு இடமே இல்லை. 5 நாளில் பயணமும் வாங்குபவருக்கான நாளும் போக ஒன்றிரண்டு நாள்தான் மிஞ்சும். அன்றே விற்று முடிக்கிற அளவு மட்டும் கொடுங்கள், வழியில் இருந்த வெப்பநிலைப் பதிவையும் சேர்த்துக் கொடுங்கள்.

முன்பு கேட்ட கடைப் பெண்மணி, மீண்டும்: விலை குறைவதற்குக் காரணம் தேதி என்று அலமாரியில் எழுதி வைத்தால் வாங்க வருகிறவர்கள் பயந்து போகமாட்டார்களா? என் பக்கத்துக் கடையில் எழுதுவதே இல்லை.

எழுத வேண்டும் என்பது என் கருத்து. எழுதாமல் விற்றால் முதல் வாரம் வேகமாகப் போகும், பிறகு வீட்டுக்குப் போய்த் தேதியைப் பார்த்தவர்கள் உங்கள் புதுச் சரக்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். ஆனால் எழுதினால் முதல் சில நாள் விற்பனை குறைகிறது என்று சொல்கிற நேர்மையான கடைக்காரர்களையும் எனக்குத் தெரியும், அவர்கள் சொல்வதை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

தீராத இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சலுகைச் சரக்கை அதே பொருளின் புதுச் சரக்குக்குப் பக்கத்தில் வைத்தால், 35 நாளும் எல்லோரும் மலிவானதையே எடுப்பார்கள், அதற்குள் புதுச் சரக்கும் வயதாகிவிடும். தனி இடத்தில் வைத்தால் யார் கண்ணிலும் படாமல் போகலாம். நான் சப்ளையர்களிடம் சொல்வது, சலுகைச் சரக்கு முடியும் வரை அந்தக் கடைக்குப் புது ஆர்டரைப் பாதியாகக் குறையுங்கள் என்பதுதான். மாத இலக்கு நெருங்கும்போது பலரும் அதைக் கேட்பதில்லை. உங்கள் சப்ளையர் கேட்கவில்லையென்றால், புது ஆர்டரை நீங்களே குறைத்துக் கொடுங்கள்.