10 கிலோஹெர்ட்ஸில் 0.707 ஏன் வராது?

*கேள்வி: 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 10 நானோ ஃபாரட் கெப்பாசிட்டரும் வைத்து லோ-பாஸ் ஃபில்டர் கட்டினேன். லாப்லாஸ் முறையில் H(s) = 1/(1 + sRC) வரை வந்துவிட்டேன். இதை வைத்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் வெளியீடு எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? 10 கிலோஹெர்ட்ஸுக்கு நான் போட்டால் 0.707 வருகிறது. ஆனால் 1 வோல்ட் கொடுத்தால் ஆஸிலோஸ்கோப்பில் 0.16 வோல்ட்தான் தெரிகிறது. எது தப்பு?*

ஆஸிலோஸ்கோப் சொல்வதுதான் சரி. உங்கள் சர்க்யூட்டிலும் கோளாறு இல்லை. s இருக்கும் இடத்தில் எதைப் போட்டீர்கள் என்பதில்தான் சறுக்கல்.

ஒரே அதிர்வெண்ணில் தொடர்ந்து ஓடும் சைன் அலைக்கு விடை வேண்டுமென்றால் s-க்குப் பதில் jω போட வேண்டும். இதுவரை சரியாகத்தான் செய்திருப்பீர்கள். ஆனால் ω என்பது ஹெர்ட்ஸ் அல்ல, விநாடிக்கு இத்தனை ரேடியன் என்ற கணக்கு. ω = 2πf. உங்கள் RC பெருக்கல் 0.0001 விநாடி. ω இருந்த இடத்தில் 10,000-ஐ அப்படியே வைத்தால் ωRC சரியாக 1 ஆகிவிடும், 0.707 வந்து நிற்கும். 0.707 பாடப்புத்தகத்தில் அடிக்கடி பார்த்த எண் என்பதால் சந்தேகமும் வராது. நான் விடைத்தாள் திருத்திய காலத்தில் அதிகம் சிவப்பு மை செலவானது இந்த 2π-க்குத்தான்.

சரியாகப் போட்டுப் பார்ப்போம். f = 10,000 என்றால் ω = 62,832; ωRC = 6.283. அப்போது

H(jω) = 1/(1 + j6.283)

இது ஒரு கலப்பெண். ஒரே எண்ணுக்குள் இரண்டு செய்திகள் இருக்கின்றன. அதன் அளவு, உள்ளீட்டில் எத்தனை பங்கு வெளியே வருகிறது என்று சொல்லும்: 1/√(1 + 6.283²) = 1/6.362 = 0.157. நீங்கள் பார்த்த 0.16 இதுதான். அதன் கோணம், வெளியீடு எவ்வளவு பின்தங்கி வருகிறது என்று சொல்லும்: −tan⁻¹(6.283), அதாவது −81 டிகிரி. 10 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 100 மைக்ரோ விநாடி. ஆகவே 81 டிகிரி என்பது 22.5 மைக்ரோ விநாடி. இரண்டு சேனலையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பூச்சியத்தைக் கடக்கும் இரண்டு இடங்களுக்கும் நடுவே அளந்து பாருங்கள். இடைவெளி இதற்கு அருகில் இருந்தால் கணக்கும் சர்க்யூட்டும் ஒத்துப்போகின்றன என்று அர்த்தம். வீச்சு மட்டும் ஒத்துப்போனால் அது தற்செயலாகவும் இருக்கலாம். கோணமும் சேர்ந்து ஒத்துப்போவது அவ்வளவு எளிதல்ல.

நீங்கள் எதிர்பார்த்த 0.707 இந்தச் சர்க்யூட்டில் எங்கே வரும்? ωRC = 1 ஆகும் இடத்தில், அதாவது f = 1/(2πRC) = 1592 ஹெர்ட்ஸில். அங்கே கோணம் −45 டிகிரி. அதற்குக் கீழே ஒரு புள்ளி வேண்டுமென்றால் 1000 ஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்: 0.847, −32 டிகிரி. கையால் போட்டதைச் சரிபார்க்க:

```python
import numpy as np
R, C = 10e3, 10e-9
f = np.array([100, 1000, 1592, 10e3])
H = 1 / (1 + 2j*np.pi*f*R*C)
print(abs(H))
print(np.degrees(np.angle(H)))
```

இனி, பலர் கேட்காமலே விட்டுவிடும் கேள்வி: s-க்கு jω போடலாம் என்று யார் சொன்னது? லாப்லாஸில் s = σ + jω ஆயிற்றே, σ எங்கே போனது?

உங்கள் உள்ளீடு t = 0-வில் தொடங்கும் sin ωt என்று வையுங்கள். அதன் லாப்லாஸ் வடிவம் ω/(s² + ω²). இதை H(s)-ஆல் பெருக்கிப் பகுதிப் பின்னங்களாகப் பிரித்தால் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒன்று உள்ளீட்டின் ±jω-விலிருந்து வருவது. அது அதே அதிர்வெண்ணில் ஓயாமல் ஓடும் சைன் அலை, அதன் வீச்சும் கோணமும் H(jω) சொன்னவையே. மற்றது சர்க்யூட்டின் சொந்தத் துருவமான s = −1/RC-யிலிருந்து வருவது:

[ωRC/(1 + (ωRC)²)] · e^(−t/RC)

துருவம் இடப்பக்கம் இருப்பதால் இந்தத் துண்டு தேய்ந்து மறைந்துவிடும். அது மறைந்த பிறகு மிஞ்சுவதைத்தான் அதிர்வெண் மறுமொழி என்கிறோம். துருவம் வலப்பக்கம் இருந்தால் இந்தத் துண்டு நாளுக்கு நாள் வளரும். அப்போதும் jω போட்டால் ஒரு எண் வரத்தான் செய்யும், ஆனால் அந்த எண்ணைச் சர்க்யூட்டில் காண முடியாது. ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் மட்டும் இருக்கும் இடத்தில் அந்தப் பயம் இல்லை.

தேயும் துண்டு அற்பமானது என்று ஒதுக்கிவிட வேண்டாம். உங்கள் 10 கிலோஹெர்ட்ஸில் அது தொடங்கும்போது 0.155 வோல்ட், நிலையான அலையின் 0.157-க்கு ஏறக்குறைய சமம். சிமுலேஷனில் `.tran` ஓட்டி முதல் உச்சியை அளந்தால் சுமார் 0.25 வோல்ட் காட்டும். அங்கே உடைந்துபோனது எதுவும் இல்லை, நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள், அவ்வளவே. RC-யைப் போல ஐந்து மடங்கு நேரம், இங்கே 0.5 மில்லி விநாடி, அதாவது ஐந்து சுற்று விட்டுவிட்டு அளவெடுங்கள். `.ac` ஓட்டினால் நிலையான பகுதியை மட்டுமே கணக்கிடும் என்பதால் இந்தத் தொல்லை கிடையாது. மேசையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருப்பதால் நீங்கள் பார்ப்பதற்குள் அது எப்போதோ மறைந்திருக்கும்.

மேசையில் வரும் தொல்லைகள் வேறு வகை. ஜெனரேட்டரின் திரையில் 1 வோல்ட் என்று காட்டுவதை உள்ளீடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 50 ஓம் சுமைக்கு என்று அமைத்திருந்தால், உங்களுடையதைப் போன்ற பெரிய மின்தடை உள்ள சர்க்யூட்டுக்கு அது காட்டுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். ஒரு சேனலை உள்ளீட்டில் வைத்து அளந்து, அந்த அளவால் வகுங்கள்.

வெளியீட்டில் வேறு எதையாவது இணைத்தால் H(s)-ஏ மாறிவிடும். கெப்பாசிட்டருக்கு இணையாக R_L = 10 கிலோ ஓம் சுமை வைத்தீர்கள் என்றால்

H(s) = 1/(1 + R/R_L + sRC) = 1/(2 + sRC)

s = 0 போட்டுப் பாருங்கள்: நேர்மின்னோட்டத்திலேயே பாதிதான் வெளியே வரும். அந்தப் பாதியிலிருந்து 0.707 பங்காகக் குறையும் இடமும் இருமடங்காகி 3183 ஹெர்ட்ஸுக்குத் தள்ளிப்போகும். ஆஸிலோஸ்கோப்பின் 1 மெகா ஓம் இந்த அளவுக்குத் தொல்லை தராது, அதிகபட்சம் ஒரு சதவீதம் குறைக்கும். கையில் இருக்கும் கெப்பாசிட்டரே குறித்த மதிப்பிலிருந்து 10 சதவீதம் விலகி இருக்கலாம் என்னும்போது அதைப் பற்றிக் கவலைப்படுவதில் பொருளில்லை. 0.157-க்குப் பதில் 0.145 வந்தாலும் 0.17 வந்தாலும் கெப்பாசிட்டரை மீட்டரில் அளந்து, அந்த மதிப்பைப் போட்டு மறுபடி கணக்கிடுங்கள்.