இந்திய வருமான வரியை வருடம் மாற்றிக் கட்டிவிட்டேன், திருத்த முடியுமா?

கேள்வி: நான் கொழும்பில் இருக்கிறேன். சென்னையில் இருக்கும் அம்மாவின் வருமான வரியை ஆன்லைனில் நான்தான் கட்டினேன். வருடத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். Self Assessment Tax என்பதற்குப் பதில் Advance Tax என்றும் தெரிவு செய்திருக்கிறேன். பணம் போய்விட்டது. திருத்தலாமா, இல்லை இன்னொரு முறை கட்ட வேண்டுமா?

பதில்:

இப்போதைக்கு இன்னொரு முறை கட்டாதீர்கள். முதலில் ரசீதை எடுத்து, பணம் கட்டிய தேதியைப் பாருங்கள். அன்றிலிருந்து ஏழு நாள் தாண்டவில்லை என்றால் வீட்டில் இருந்தபடியே திருத்திவிடலாம்.

இதே தவறை நானும் செய்தேன். என் மனைவியின் அப்பா திருச்சியில் இருக்கிறார். ஓய்வூதியம், வங்கி வைப்பு வட்டி, ஒரு சின்ன வீட்டு வாடகை, அவ்வளவுதான் வருமானம். 60 வயது தாண்டி, தொழில் வருமானமும் இல்லாதவர்கள் அங்கே முன்கூட்டிய வரி கட்ட வேண்டியதில்லை. அதனால் வங்கி பிடித்தது போக மிச்ச வரி முழுவதையும் படிவம் தாக்கல் செய்வதற்கு முன் ஒரே தடவையில் கட்டுவோம். 2025 ஜூலை 10, எசல போயா லீவு. வெள்ளவத்தை வீட்டில் உட்கார்ந்து ஆறுதலாக 18,640 ரூபாய் கட்டி முடித்தேன். வருடம் கேட்ட இடத்தில் 2024-25 என்று போட்டேன். ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரையான வருமானம், வேறு எதைப் போடுவது?

சிக்கலே அங்கேதான். இலங்கையில் வரிமதிப்பாண்டு 2024/2025 என்றால், அந்த ஏப்ரலில் இருந்து மார்ச் வரை உழைத்த வருடமேதான். இந்தியாவில் Assessment Year என்பது உழைத்த வருடத்துக்கு அடுத்த வருடம். அதே வருமானத்துக்கு அங்கே 2025-26 என்று போட வேண்டும். நான் இங்கே கணக்கு வேலை பார்ப்பவன், கை தானாகவே கொழும்பு வழக்கத்தைப் போட்டுவிட்டது. உங்களுக்கும் அநேகமாக அப்படித்தான் நடந்திருக்கும்.

எனக்குத் தெரியவந்தது ஐந்து நாள் கழித்து, 15ஆம் தேதி. படிவத்தை நிரப்பத் திறந்தால், கட்டிய வரி என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. தளத்தில் இருக்கும் வருடாந்தத் தகவல் அறிக்கையான AISஐ எடுத்து, கட்டிய வரி பகுதியில் Assessment Year 2025-26க்குரியதைப் பார்த்தேன், அங்கும் இல்லை. Assessment Year 2024-25க்குரியதைத் திறந்ததும் 18,640 அங்கே உட்கார்ந்திருந்தது. நீங்களும் இப்படி இரண்டு வருடத்தையும் திறந்து பாருங்கள்.

அப்புறம் செய்தது இதுதான். மாமாவின் பான் எண்ணில் incometax.gov.in தளத்துக்குள் போய், Services பட்டியலில் Challan Correction. அங்கே புதிய கோரிக்கை ஒன்றைத் தொடங்கினால் எதைத் திருத்த வேண்டும் என்று கேட்கும்: வருடமா, வரியின் பெரிய தலைப்பா, சின்னத் தலைப்பா. பெரிய தலைப்பு என்பது கம்பனியின் வரியா, மற்றவர்களின் வரியா என்பது (0020, 0021). சின்னத் தலைப்பு என்பது முன்கூட்டிய வரி (100), சுய மதிப்பீட்டு வரி (300), வந்த நோட்டீசுக்குக் கட்டும் வரி (400). நான் வருடத்தைத் தெரிவு செய்து, பழைய சலானைக் காட்டி, சரியான வருடத்தைப் போட்டேன். கடைசியில் உறுதிப்படுத்த ஆதார் ஓடிபி கேட்டது. அது திருச்சியில் மாமாவின் ஃபோனுக்குத்தான் போகும். அவர் ஃபோனை சார்ஜில் போட்டுவிட்டுக் கோவிலுக்குப் போயிருந்தார், மாமி எடுத்து எழுத்தெழுத்தாகப் படித்துச் சொன்னார். உங்கள் அம்மாவையும் ஃபோனோடு பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

சில நாளில் AISல் அந்தத் தொகை 2025-26க்கு மாறிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் படிவத்தைத் தாக்கல் செய்தேன். மாறுவதற்கு முன் அவசரப்பட்டு அனுப்பினால், அந்த வருடத்தில் பணம் இல்லை என்று கணினி கணக்குப் போட்டு, வரி பாக்கி என்று நோட்டீஸ் அனுப்பும். அதை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் மாதத்துக்கு ஒரு சதவீத வட்டி.

உங்கள் விஷயத்தில் தவறு இரண்டு இருப்பதால் ஒன்றைக் கவனியுங்கள். வருடத்தைத் திருத்த ஏழு நாள்தான், தலைப்புகளுக்கு 30 நாள். ஆனால் ஒரு சலானுக்கு ஒரே ஒரு முறைதான் இந்த வழியில் திருத்தக் கேட்கலாம். அந்த ஒரு வாய்ப்பை வருடத்துக்கே செலவழியுங்கள். Advance Tax என்று போட்டதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். படிவத்தில் வங்கிக் கிளைக் குறியீடு (BSR Code), தேதி, சலான் எண், தொகை ஆகிய நான்கைத்தான் கேட்கிறார்கள். 100ஆ 300ஆ என்று யாரும் கேட்பதில்லை. வருடம் தவறினால்தான் பணம் கண்ணுக்கே தெரியாமல் போகிறது.

சரி, ஏழு நாள் தாண்டிவிட்டது என்றால்? தளத்தில் வழி இல்லை, அம்மாவின் பான் எண் எந்த வருமான வரி அதிகாரியின் கீழ் வருகிறதோ அவருக்கு எழுத வேண்டும். யார் என்பது அதே தளத்தில், உள்ளே நுழையாமலே, Know Your AO என்ற இடத்தில் தெரியும். கடிதத்தை நீட்ட வேண்டாம். பான் எண், மேலே சொன்ன நான்கு விவரம், தவறாகப் போட்ட வருடம், போட வேண்டிய வருடம், சலான் நகல், அம்மாவின் கையெழுத்து. மின்னஞ்சலில் அனுப்பலாம், ஆனால் சென்னையில் யாராவது நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்திருப்பது நல்லது. கடிதம் காணவில்லை என்று சொன்னால் அதைக் காட்டலாம்.

அதற்குள் பாக்கி நோட்டீஸ் வந்திருந்தால், அதிகாரி சலானைத் திருத்திய பிறகு நீங்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். Services பட்டியலில் Rectification போய், படிவத்தை மறுபடி கணக்கிடச் சொல்லிக் கேளுங்கள். சலான் மாறியதும் நோட்டீஸ் தானாகப் போய்விடும் என்று காத்திருக்க வேண்டாம்.

தளத்தில் திருத்த முடியாத நிலை இன்னொன்றும் உண்டு. தவறான வருடத்தின் கணக்கில் அந்தச் சலான் ஏற்கெனவே எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தால், தளம் திருத்த விடாது. அம்மாவின் பழைய வருடப் படிவம் முன்பே முடிந்துவிட்டது என்றால் அது நடந்திருக்க வாய்ப்பில்லை.

அடுத்த தடவைக்கு ஒன்று. 2026 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் புதிய வருமான வரிச் சட்டம். இனி Tax Year என்ற ஒரே பெயர், உழைத்த வருடமேதான், நம் ஊர் வழக்கம் போல. ஆனால் மாறும் காலத்தில் Assessment Year 2026-27 என்றால் 2026 மார்ச்சோடு முடிந்த வருமானம், Tax Year 2026-27 என்றால் அந்த ஏப்ரலில் தொடங்கிய வருமானம். எண் ஒன்றுதான், வருடம் வேறு. எண்ணைப் பார்க்கும் முன் அதன் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பாருங்கள்.