அந்தரத்தில் ஒரு எஃகுப் பந்து: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பெங்களூரு அல்சூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலருக்குக் கன்ட்ரோல் பாடம் எடுத்துவருகிறேன். மின்காந்தத்துக்குக் கீழே பந்தை மிதக்கவிடும் பரிசோதனை பற்றிப் போன மாதம் எழுதியதும் நிறையக் கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே பந்தை வைத்துப் பதில் சொல்கிறேன். எடை 20 கிராம், விட்டம் சுமார் 17 மி.மீ. காந்தத்திலிருந்து 10 மி.மீ. கீழே அது நிற்க வேண்டும். அங்கே அதைத் தாங்க 0.8 ஆம்பியர் தேவைப்படுகிறது.

சார், லீனியரைஸ் செய்யும்போது பந்தின் எடையும் காயிலின் மாறிலியும் சமன்பாட்டிலிருந்தே மறைந்துவிடுகின்றன. நான் எங்கேயோ தப்புப் பண்ணிவிட்டேனா?
*மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு மாணவி*

தப்பே இல்லை, அப்படித்தான் வர வேண்டும். இடைவெளி x கீழ்நோக்கிக் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால் இயக்கச் சமன்பாடு இது:

```
m·x'' = m·g − C·(i/x)²
```

பந்து அசையாமல் நிற்கும் இடத்தில் C·(i0/x0)² = m·g. அந்த இடத்தைச் சுற்றி x-ஐயும் i-ஐயும் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தால், வகைக்கெழுவில் வரும் C எல்லாமே m·g ஆக மாறிவிடும். அப்புறம் m இரு பக்கமும் அடிபட்டுப் போகும்:

```
dx'' = (2g/x0)·dx − (2g/i0)·di
dx'' = 1962·dx − 24.5·di
```

எடையும் C-யும் காணாமல் போய்விடவில்லை, i0 என்ற ஒரே எண்ணுக்குள் அடங்கியிருக்கின்றன. அதனால்தான் i0-வைக் கணக்குப் போட்டு எடுக்காமல் அளந்து எடுங்கள் என்று வகுப்பில் வற்புறுத்துகிறேன்.

முதல் உறுப்பில் இருக்கும் கூட்டல் குறிதான் இந்த அமைப்பின் சிக்கலே. சாதாரண ஸ்பிரிங் விலகிய பொருளைத் திரும்ப இழுக்கும். இது விலகிய பக்கமே மேலும் தள்ளும். 1962-இன் வர்க்கமூலம் 44.3, அதாவது வலது பாதியில் +44.3-இல் ஒரு போல். கரண்டை மாற்றாமல் விட்டால், போகப்போகப் பந்தின் விலகல் ஒவ்வொரு 16 மில்லி நொடிக்கும் இரட்டிப்பாகும்.

இந்த நேர்கோடு எவ்வளவு தூரம் செல்லும் என்றும் கேட்டிருந்தீர்கள். கரண்டை 0.8-லேயே வைத்துப் பந்தை 12 மி.மீ.க்கு இறக்கினால், இழுவை எடையில் 0.69 பங்காகிறது. நேர்கோடு சொல்வது 0.60, அது பரவாயில்லை. 15 மி.மீ.யில் உண்மை 0.44, நேர்கோடு சொல்வது பூஜ்யம். ஆக, இரண்டு மி.மீ. வரை நம்பலாம்.

காந்தத்தை நெருங்கும்போது மூலச் சமன்பாடே பிசகும். x பூஜ்யத்துக்குப் போனாலும் உண்மையான விசை முடிவிலிக்குப் போகாது. (x + a)² என்று ஒரு சின்ன a சேர்த்துக்கொண்டால் பொருந்தும். தராசில் உயரமான மரக்கட்டை வைத்து, அதன் மேல் பந்தை ஒட்டி, வெவ்வேறு இடைவெளியில் கரண்ட் கொடுத்து எடை எவ்வளவு குறைகிறது என்று எழுதுங்கள். இழுவை F என்றால், i/√F-ஐ x-க்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். அது x அச்சை வெட்டும் இடம் −a. அப்புறம் மேலே 2g/x0 என்று இருப்பதை 2g/(x0 + a) என்று மாற்றினால் போதும்.

வெறும் கெயின் மட்டும் வைத்து முயன்றேன். எவ்வளவு கூட்டினாலும் பந்து ஆடி ஆடிக் காந்தத்தில் ஒட்டிக்கொள்கிறது, இல்லையென்றால் விழுகிறது. இன்னும் கூட்டினால் சரியாகுமா?
*ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு வாசகர்*

ஆகாது. பந்து கீழே போனால் கரண்ட் கூட வேண்டும் என்ற திசையைச் சரியாகத்தான் வைத்திருக்கிறீர்கள். போதுமான கெயினில் அந்தத் தலைகீழ் ஸ்பிரிங் நிஜ ஸ்பிரிங்காக மாறிவிடும். ஆனால் தணிப்பு என்று எதுவுமே கிடையாது. காற்றின் தடை இந்தப் பந்துக்கு மிகச் சிறியது. ஏட்டுக் கணக்கில் அது நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும்.

நிஜத்தில் அந்த ஆட்டம் வளரும். காயிலில் கரண்ட் ஏற t நொடி தாமதம் என்றால், மூடிய லூப்பின் சமன்பாடு இப்படி ஆகும். இதில் K என்பது 24.5-ஐயும் சேர்த்த கெயின்:

```
t·s³ + s² − 1962·t·s + (K − 1962) = 0
```

s-இன் கெழு எதிர்மறை, அதில் K இல்லவே இல்லை. அதனால் எந்த K வைத்தாலும் நிலைப்பு வராது. ஆட்டத்தில் பந்து திரும்பி வரும்போதும் பழைய கரண்ட் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது பந்துக்கு ஆற்றலைக் கொடுக்கிறது. தாமதமாக வரும் விசைக்குப் பதிலாக முன்கூட்டியே வரும் விசை வேண்டும். லீட் காம்பென்சேட்டர் செய்வது அந்த வேலையைத்தான்.

லீட் காம்பென்சேட்டருக்கு எண்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? பாடப்புத்தகத்தில் ஃபேஸ் மார்ஜின் கணக்கு நிலையான பிளான்ட்டுக்குத்தான் இருக்கிறது.
*கம்மனஹள்ளியிலிருந்து ஒரு வாசகர்*

இந்தப் பிளான்ட்டில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 24.5/(s² − 1962)-இல் s = jω போட்டுப் பாருங்கள், கீழே −(ω² + 1962) வரும். எந்த அதிர்வெண்ணிலும் ஃபேஸ் சரியாக −180 டிகிரி. ஆகவே லீட் எத்தனை டிகிரி தருகிறதோ, அதுதான் உங்கள் முழு ஃபேஸ் மார்ஜின்.

நான் 50 டிகிரி கேட்டேன். அதற்குப் போலும் ஸீரோவும் 7.5 மடங்கு விலகியிருக்க வேண்டும். கிராஸ்ஓவர் 44.3-ஐ விட நன்றாக மேலே இருக்க வேண்டும், சுமார் இரண்டரை மடங்கு, 110 ரேடியன்/நொடி. ஸீரோவும் போலும் அதன் இரு பக்கமும் சம விகிதத்தில் நிற்க, ஸீரோ 40, போல் 300. அந்த அதிர்வெண்ணில் லூப் கெயின் 1 ஆக வேண்டும் என்று கணக்கிட்டால் 38,200-க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. 38,400 என்று வைத்துக்கொண்டேன். அதை 24.5-ஆல் வகுத்தால் ஒரு மி.மீ.க்கு 1.57 ஆம்பியர்.

```
C(s) = 1.57·(s + 40)/(s + 300)      ஆம்பியர்/மி.மீ.
```

மூடிய லூப்பைப் பிரித்துப் பார்த்தால் −34.8-இல் ஒரு போல், கூடவே தணிப்பு விகிதம் 0.8 உள்ள ஒரு ஜோடி. தட்டிவிட்டால் சுமார் 0.12 நொடியில் அடங்கும்.

நிலையான பிளான்ட்டில் கெயினைக் குறைத்தால் பத்திரம் என்று பழகியிருப்போம். இங்கே அது பொய். மாறாத நிலையில் லூப் கெயின் 1-க்கு மேல் இருந்தால்தான் நைக்விஸ்ட் வரைபடம் −1-ஐ இடஞ்சுழியாக ஒரு முறை சுற்றும். நம் வடிவமைப்பில் அது 2.6. அதாவது கெயின் 38 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பந்து விழும் அல்லது ஒட்டும். முதல் முறை சுவிட்ச் போடும்போது கெயின் பொட்டென்ஷியோமீட்டரைக் குறைவிலிருந்து மெல்லத் திருகிக்கொண்டு வருபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கணக்கிட்ட மதிப்பிலேயே தொடங்குங்கள். பந்தைப் பிளாஸ்டிக் குச்சியால் 10 மி.மீ.யில் தாங்கிப் பிடித்து, கரண்ட் 0.8-க்கு அருகில் வந்ததும் குச்சியை எடுங்கள்.

மைக்ரோகன்ட்ரோலரில் மில்லி நொடிக்கு ஒரு முறை ஓட்டுவதாக இருந்தால், மேலே சொன்னதே இப்படி ஆகும். e என்பது பந்து எத்தனை மி.மீ. கீழே விலகியிருக்கிறது என்ற அளவு:

```
du = 0.7391*du1 + 1.3899*e - 1.3354*e1;
i  = 0.8 + du;
du1 = du;  e1 = e;
```

பந்து மிதக்கிறது, ஆனால் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. தொட்டால் விழுந்துவிடுகிறது. வடிவமைப்பு உங்களுடையதேதான். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ரிலே காயிலைப் பிரித்துச் சுற்றினேன், 10 ஓம், 100 மில்லி ஹென்றி. மாஸ்ஃபெட்டில் வோல்ட்டேஜ் கொடுக்கிறேன்.
*பீன்யாவிலிருந்து ஒரு வாசகர்*

உங்கள் கடிதத்தில்தான் இந்தப் பரிசோதனையின் நிஜமான எதிரி இருக்கிறது. அளவுகளையும் எழுதி அனுப்பியதற்கு நன்றி.

நான் போட்ட கணக்கில் கன்ட்ரோலர் கேட்ட கரண்ட் உடனே காயிலில் ஓடுகிறது. நீங்கள் கொடுப்பது வோல்ட்டேஜ். 100 மில்லி ஹென்றியை 10 ஓமால் வகுத்தால் 10 மில்லி நொடி. இந்தத் தாமதத்தை லூப்பில் சேர்த்தால் கிராஸ்ஓவர் 110-இலிருந்து 82-க்கு இறங்குகிறது. அங்கே லீட் தருவது 49 டிகிரி, காயில் தின்பது 39. மிச்சம் ஒன்பது பத்து டிகிரிதான். பந்து மிதக்கும், ஆனால் நொடிக்கு 13 முறை ஆடும் பழக்கம் அடங்கவே அடங்காது. சென்சார் வெளியீட்டை ஆஸிலாஸ்கோப்பில் பாருங்கள். நடுக்கம் 13 ஹெர்ட்ஸை ஒட்டி இருந்தால் காயில்தான் காரணம்.

சிலர் லீட்டின் போலை 300-இலிருந்து 1000-க்குத் தள்ளி ஈடுகட்டப் பார்ப்பார்கள். சென்சார் இரைச்சல் கூடுமே தவிர அது நல்ல வழி இல்லை. காயிலுக்குத் தொடராக அரை ஓம் மின்தடையைப் போட்டு, அதன் வோல்ட்டேஜை அளந்து, கரண்டுக்கென்று உள்ளே ஒரு வேகமான லூப் கட்டுங்கள். தாமதம் ஒரு மில்லி நொடிக்கு வந்தால் 110-இல் இழப்பு 6 டிகிரிதான்.

ஆனால் உள் லூப் கட்டினால் மட்டும் போதாது, சப்ளையையும் பார்க்க வேண்டும். 0.8 ஆம்பியருக்கே காயிலில் 8 வோல்ட் போய்விடுகிறது. 12 வோல்ட் சப்ளையில் மிச்சம் 4 வோல்ட். 4-ஐ 0.1 ஹென்றியால் வகுத்தால் கரண்ட் நொடிக்கு 40 ஆம்பியர் வேகத்தில்தான் ஏறும். 0.1 ஆம்பியர் கூட்டவே இரண்டரை மில்லி நொடி. 24 வோல்ட் கொடுத்தால் அதே வேலை 0.6 மில்லி நொடியில் முடியும். காயில் கருகாமல் இருக்க உள் லூப்பில் உச்ச கரண்டுக்கு வரம்பு வைத்துவிடுங்கள். சுற்றுகளைப் பாதியாக்கினால் இண்டக்டன்ஸ் கால் பங்காகும், அதுவும் ஒரு வழி. ஆனால் அதே இழுவைக்கு இரண்டு மடங்கு கரண்ட் வேண்டும்.

பந்தை 1 மி.மீ. இறக்கச் சொன்னால் 1.6 மி.மீ. இறங்குகிறது. சென்சார் அளவீடு தப்பா?
*ஜெயநகரிலிருந்து ஒரு மாணவர்*

சென்சார் சரிதான், தம்பி. சாதாரண லூப்பில் சொன்னதைவிடக் குறைவாகத்தான் நகரும், இங்கே தலைகீழ் ஸ்பிரிங் உங்களோடு சேர்ந்து தள்ளுகிறது. மாறாத நிலையில் லூப் கெயின் 2.6 என்றேன் அல்லவா? 2.6-ஐ 1.6-ஆல் வகுங்கள், 1.6 வரும். உங்கள் அளவீடு கணக்கோடு அழகாக ஒத்துப்போகிறது. கட்டளையை 1.62-ஆல் வகுத்துக் கொடுத்தால் சரியாகும். எடை மாறினாலும் பந்து அதே உயரத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் (s + 3)/s என்று மெதுவான இன்டகிரேட்டரைச் சேருங்கள். அது கிராஸ்ஓவரில் ஒன்றரை டிகிரிதான் எடுக்கும். பந்தைக் கையால் பிடித்திருக்கும்போது மட்டும் இன்டகிரேட்டரை நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் அது நிரம்பிப்போய், விட்டதும் பந்தைக் காந்தத்தில் அடிக்கும்.

பகலில் நன்றாக மிதக்கிறது. மாலையில் டியூப்லைட் போட்டதும் "ம்ம்ம்" என்று காயில் இரைகிறது.
*கே.ஆர். புரத்திலிருந்து ஒரு வாசகர்*

சோக் வைத்த பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும், உங்கள் அகச்சிவப்பு சென்சார் அதையும் பந்தின் அசைவு என்று எடுத்துக்கொள்கிறது. லீட் மெதுவான சைகையைவிட 100 ஹெர்ட்ஸை ஏறக்குறைய ஏழு மடங்கு பெரிதாக்குகிறது. சென்சாரைச் சுற்றிக் கறுப்புக் குழாய் ஒன்றைச் செருகிப் பாருங்கள். 100 ஹெர்ட்ஸை ஃபில்டர் போட்டு அடக்க வேண்டாம், அது கிராஸ்ஓவரிலும் ஃபேஸைத் தின்னும்.