மக்சிக்குக் கொடுக்க ஒரு ராயா கார்டு

கேள்வி: நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அத்தை, போன வருஷம் என் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் இரண்டு பிள்ளைகளையும் பத்து நாள் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். இந்த ஹரி ராயாவுக்கு என் கையால் எழுதிய கார்டு கொடுக்க ஆசை. தமிழும் மலாயும் கலந்து நாலைந்து வரி போதும். பள்ளிக்கூடத்தில் படித்த மலாய் பேசுவதற்கு வருகிறது, எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடுகிறது. எழுதித் தருவீர்களா?
– வாசகி, கிள்ளான்

பதில்: முதலில் வரிகளைக் கொடுத்துவிடுகிறேன், காரணத்தை அப்புறம் சொல்கிறேன். மலாய் வரிகளை இங்கே தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். நீங்கள் கார்டில் வழக்கம்போல் ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், எழுதுங்கள்.

மக்சிக் செகெலுவார்கா,
செலாமட் ஹரி ராயா ஐடில்பித்ரி.
தெரிமா காசே கெரானா சூடி பெர்கோங்சி சூகா டூகா டெங்ஙான் காமி.
மாஆப்கான் செகாலா சீலாப் காமி, ஸாஹிர் டான் பாதின்.

மக்சிக், எங்கள் சுக துக்கத்தில் கூடவே நின்றீர்கள்.
நோன்புப் பெருநாள் வாழ்த்துகள்.

இவ்வளவுதான். கடைசி இரண்டு வரியையும் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். மக்சிக்கால் அதைப் படிக்க முடியாது, பரவாயில்லை. கார்டைக் கையில் கொடுக்கும்போது அந்த இரண்டு வரியையும் நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். 'சுக துக்கம்' என்ற இடத்தில் அவர் நிமிர்ந்து பார்க்க வாய்ப்பு இருக்கிறது. மலாயில் இன்ப துன்பத்தைச் சொல்லும் 'சூகா டூகா'வும் நம்முடைய சுக துக்கமும் சமஸ்கிருதத்திலிருந்து வந்த ஒரே ஜோடிச் சொற்கள். மேலே மலாயில் படித்த அதே சொல் கீழே தமிழிலும் காதில் விழும். இரண்டு மொழியைக் கலந்து எழுதும்போது நான் தேடுவது இப்படி ஒரு சொல்லைத்தான். மேலே எழுதியதையே கீழே மொழிபெயர்த்து வைத்தால் கார்டு அரசாங்க அறிவிப்பு மாதிரி ஆகிவிடும்.

அந்த வரியின் பொருள், 'எங்கள் சுக துக்கத்தை மனமுவந்து பகிர்ந்துகொண்டதற்கு நன்றி' என்பது. பத்து நாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதை விவரமாக எழுத வேண்டாம். கணக்கு எழுதியது போல் இருக்கும். எதைச் சொல்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

இனி நான்காவது வரி. கடையில் விற்கிற ராயா கார்டுகளில் 'மாஆப் ஸாஹிர் டான் பாதின்' என்றுதான் அச்சடித்திருப்பார்கள். ஸாஹிர் என்றால் வெளியே தெரிவது, பாதின் என்றால் உள்ளே இருப்பது. சொல்லாலும் செயலாலும் செய்த பிழை, மனசுக்குள் நினைத்த பிழை, இரண்டுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்பது. பெருநாள் காலையில் பிள்ளைகள் பெற்றோர் கையைப் பிடித்துக் கேட்கிற வாசகம் அது. பிற மதத்தவர் சொன்னாலும் மலாய்க்காரர்கள் சந்தோஷமாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். அச்சடித்த வாசகத்தை அப்படியே போடாமல் 'எங்கள் பிழை எல்லாவற்றையும் மன்னியுங்கள்' என்று விரித்திருக்கிறேன், நீங்களே கேட்பது போல் இருக்கட்டும் என்று.

இதைத் தமிழில் திருப்பிச் சொல்லாததற்கும் காரணம் உண்டு. தமிழில் 'எங்களை மன்னித்துவிடுங்கள்' என்று எழுதினால் ஏதோ சண்டை நடந்து சமாதானம் பேசுகிற மாதிரி ஒலிக்கும். அந்தச் சொல்லுக்கு உரிய நாளும் பழக்கமும் மலாயில் இருக்கின்றன, அது அங்கேயே இருக்கட்டும்.

எழுதும்போது ஒரே ஒரு சொல்லில் மிகக் கவனமாக இருங்கள். அது 'காமி'. மலாயில் நம்மைக் குறிக்க இரண்டு சொல் உண்டு, காமி, கீதா. பேச்சில் பலரும் இரண்டுக்கும் கீதா என்றே சொல்வதால் எழுதும்போதும் கை அங்கேதான் போகும். ஆனால் தமிழ் தெரிந்தவர்களுக்கு இது மிகச் சுலபம். காமி என்றால் நாங்கள், கீதா என்றால் நாம். நானும் இளவயதில் ஒரு கார்டில் 'மாஆப்கான் கீதா' என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் படித்துவிட்டு, விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்து, "அப்போ நானும் உன்னோடு சேர்ந்து மன்னிப்புக் கேட்கணுமா?" என்று மெதுவாகக் கேட்டார். அன்றிலிருந்து மலாய் வரி எழுதினால் முதலில் அதைத் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். 'எங்கள்' வருகிற இடத்தில் காமி. 'நம்' வருகிற இடத்தில் கீதா. பிசகாது.

அதேபோல், 'உங்களுக்கு' என்று எழுதத் தோன்றினால் அவாக், காமு இரண்டும் வேண்டாம், வயதில் மூத்தவரிடம் மரியாதைக் குறைவு. அண்டா என்பது விளம்பரப் பலகையின் சொல். மக்சிக் என்ற உறவுச் சொல்லையே திரும்பவும் போடுங்கள். நாம் அத்தையிடம் 'அத்தைக்கு டீ வேணுமா?' என்று கேட்பதில்லையா, அதே வழக்கம்தான். செகெலுவார்கா என்பது குடும்பத்தார் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும். பேரப்பிள்ளைகள் பெயரைத் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை.

கடையில் கார்டு வாங்கி அதற்குள் எழுதுவதாக இருந்தால், மேலே ஐடில்பித்ரி என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐடில்அட்ஹா என்றிருந்தால் அது ஹஜ்ஜுப் பெருநாள். கார்டில் தேதி போட வேண்டாம். ரமலான் 29ஆம் நாள் மாலையில் பிறை பார்த்த பிறகு, அன்றிரவு தொலைக்காட்சியில் அரச முத்திரைக் காப்பாளர் அறிவித்த பிறகுதான் பெருநாள் நாளையா, நாளை மறுநாளா என்பது உறுதியாகும். முதல் நாளே கொடுக்க முடியாமல் போனாலும் வருத்தப்படாதீர்கள். ஷவ்வால் மாதம் முழுக்க ராயா விருந்தும் வருகையும் நடக்கும், இரண்டாவது வாரத்தில் கொடுத்தாலும் தாமதமில்லை. சமய வாசகங்களை, அதாவது அரபியில் உள்ள துஆக்களை, சேர்க்க வேண்டாம். வாழ்த்துக்கு அவை தேவையில்லை.

அடியில் கொஞ்சம் இடம் விட்டு, அதைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பத்து நாள் அந்த வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியவர்கள் அவர்கள்தானே. பள்ளிப் பிள்ளைகள் கார்டில் கிறுக்குகிற ஒரு பழைய பந்துன் வரி உண்டு:

பெச்சா காச்சா, பெச்சா கெலாஸ்,
சூடா பாச்சா, ஹாராப் பாலாஸ்.

கண்ணாடி உடைந்தது, குவளையும் உடைந்தது; படித்தாயிற்று என்றால் பதில் போடுங்கள் என்று அர்த்தம். முதல் வரிக்கும் இரண்டாவதற்கும் சம்பந்தம் தேட வேண்டாம், எதுகைக்காக வந்தது. மக்சிக்கும் சின்ன வயதில் யாருக்காவது இதை எழுதியிருப்பார். எழுத்து கோணலாக இருந்தாலும் திருத்தாதீர்கள்.